ஜெனரேட்டர் தேயும்போதே அடுத்த ஜெனரேட்டருக்குச் சேர்ப்பது எப்படி?



நமது ஆஸ்பத்திரியின் ஆண்டுக் கணக்கைக் கூர்ந்து படிக்கிறவர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஏழை நோயாளிகளுக்காகக் காணிக்கை கேட்டுச் சபைகளுக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அப்படியிருக்க, பாங்கியில் டெபாசிட் போட்டு வைத்திருக்கிறீர்களே, அது எதற்கு?" என்பதே அந்தக் கேள்வி. காணிக்கை கொடுக்கிறவர்கள் இதைக் கேட்கத்தான் வேண்டும். அந்த டெபாசிட்டின் பெயர் ஜெனரேட்டர் தேய்மான நிதி. அது என்ன, எப்படி வளருகிறது, எங்கே ஏமாற்றிவிடும் என்பதை இவ்விதழில் சற்று விரிவாக எழுதுகிறோம்.

ஆங்கிலத்தில் இதற்குச் சிங்கிங் ஃபண்டு என்று பெயர். சபையில் அப்படிச் சொன்னால் பாடகர் குழுவுக்கான நிதி என்று எண்ணிக்கொள்வார்கள் என்பதால் தேய்மான நிதி என்றே சொல்லுகிறோம்!

களியக்காவிளையில் ஜெனரேட்டரைப் பற்றி யாருக்கும் அதிகம் விளக்கத் தேவையில்லை. ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் மறுபடி ஒரு மழை என்று இரண்டு பருவமும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. காற்றடித்தால் ரப்பர் மரக்கிளை மின்கம்பியில் விழும், கரண்டு போகும். 2017ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி இரவும் மறுநாளும் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டமெங்கும் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் ஒரு வாரத்துக்கு மேலாகியும் வெளிச்சம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கரண்டு இல்லையென்றால் விளக்கு அணைவதோடு போகாது. ஆபரேஷன் அறை, ஆக்சிஜன் இயந்திரம், தடுப்பூசி மருந்து இருக்கும் குளிர்பெட்டி, தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஆகிய எல்லாம் நின்றுவிடும். அப்படிப்பட்ட இரவில் ஜெனரேட்டர் ஓடாமற்போனால், "புது ஜெனரேட்டருக்கு உதவுங்கள்" என்று சபைகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க நேரமிராது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. புது ஜெனரேட்டர் வாங்கித் தர மனமுவந்து முன்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அன்பளிப்புத் தகடு பதிக்கலாம், பிரதிஷ்டை ஆராதனை வைக்கலாம், படம் எடுத்து இதழில் போடலாம். ஆனால் அந்த ஜெனரேட்டர் ஒவ்வொரு ஆண்டும் தேய்கிறதே, அந்தத் தேய்மானத்துக்குக் காணிக்கை கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. தேய்மானத்துக்குத் தகடு பதிக்க முடியாது. பல நல்ல ஸ்தாபனங்களில் தானமாக வந்த இயந்திரம் பத்தாம் ஆண்டில் மூலையில் துருப்பிடித்துக் கிடப்பதற்கு இதுவே காரணம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஏட்டில் எழுதினால் பணம் வருமா?

தேய்மானம் என்ற வார்த்தை எல்லாக் கணக்கிலும் இருக்கிறது. பத்து லட்சம் ரூபாய்க்கு வாங்கிய இயந்திரம் பத்து ஆண்டு உழைக்கும் என்றால், ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் செலவாக எழுதி, ஏட்டில் அதன் மதிப்பைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். பத்தாம் ஆண்டு முடிவில் ஏட்டில் அதன் மதிப்பு பூஜ்யம். கணக்கு மிகச் சரி. ஆனால் அடுத்த இயந்திரத்துக்குப் பணம் எங்கே?

ஒவ்வொரு ஆண்டும் அந்த ஒரு லட்சத்தைச் செலவாக எழுதியதால் வருமானத்தில் அவ்வளவு மிச்சப்பட்டது உண்மைதான். ஆனால் அது தனியாக எங்கும் போய் இருப்பதில்லை. ஒரு வருடம் மருந்துக் கடைப் பாக்கியாகப் போயிருக்கும், மறு வருடம் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கப் போயிருக்கும். ஏட்டில் பென்சிலால் எழுதிய தேய்மானத்தைக் கொண்டு ஒரு போல்ட்டுகூட வாங்க முடியாது.

தேய்மான நிதி முறையில் இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கின்றன. ஆண்டுக் கடைசியில் ஒரு குறிப்பிட்ட தவணையைச் செலவாக எழுதி, அதை நிதியின் கணக்கில் வரவு வைக்கிறோம். அதே நாளில் அதே தொகையைப் பொதுக் கணக்கிலிருந்து எடுத்து, நிதியின் பெயரில் டெபாசிட் போடுகிறோம். அடுத்த ஆண்டு அந்த டெபாசிட்டுக்கு வரும் வட்டியும் நிதிக்கே சேருகிறது. ஜெனரேட்டரோ ஏட்டில் வாங்கிய விலையிலேயே நிற்கிறது. கடைசியில் டெபாசிட்டுகளை உடைத்துப் புதியதை வாங்கியபின், சேர்ந்திருக்கும் நிதிக்கணக்கையும் பழைய இயந்திரத்தின் கணக்கையும் ஒன்றுக்கொன்று நேர் செய்து முடித்துவிடுவார்கள்.

நம் பக்கத்து ரப்பர் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. கன்று நட்டு ஏழாண்டு காத்திருந்து பால் எடுக்கத் தொடங்குகிறவருக்கு, இந்த மரத்தையும் ஒருநாள் முறித்து மறுநடவு செய்ய வேண்டிவரும் என்று முதல் நாளே தெரியும். பால் விற்ற பணத்தில் வருடந்தோறும் கொஞ்சம் ஒதுக்கி வைத்தவர், மரம் வெட்டிய பிறகு வரும் வருமானமில்லாத ஆண்டுகளைத் தாண்டிவிடுவார்.

பத்து லட்சத்துக்கு ஏழே கால் லட்சம்

கணக்கு விளங்கும்படி முழு எண்களாக எடுத்துக்கொள்வோம். பத்து ஆண்டு கழித்து ரூ. 10,00,000 வேண்டும். டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டி கிடைக்கிறது. ஆண்டுக்கு எவ்வளவு போட வேண்டும்?

பத்தால் வகுத்து ஒரு லட்சம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் போட்ட பணம் சும்மா கிடப்பதில்லை. ஆண்டுக் கடைசியில் ஒரு ரூபாய் வீதம் பத்து ஆண்டு போட்டு வந்தால், 7 சதவீதக் கூட்டு வட்டியோடு அது ஏறக்குறைய 13 ரூபாய் 82 காசாகும். பத்து லட்சத்தை அந்தத் தொகையால் வகுத்தால் தவணை கிடைக்கும். காசுகளையும் விடாமல் கணக்கிட்டால் அது ரூ. 72,378. மாதத்துக்கு ஆறாயிரம் ரூபாய்ச் சொச்சம்.

முதல் ஆண்டுக் கடைசியில் ரூ. 72,378 போடுகிறோம். இரண்டாம் ஆண்டுக் கடைசியில் அதற்கு வட்டி ரூ. 5,066 வருகிறது, அதோடு புதுத் தவணையும் சேர, நிதி ரூ. 1,49,822 ஆகிறது. மூன்றாம் ஆண்டில் வட்டி ரூ. 10,488, நிதி ரூ. 2,32,688. ஆரம்பத்தில் இது மிக மெதுவாகவே வளருகிறது. இந்தச் சின்னத் தொகைக்கா இவ்வளவு ஏற்பாடு என்று மூன்றாம் நான்காம் ஆண்டில் கமிட்டியில் யாராவது கேட்பார்கள். ஒன்பதாம் ஆண்டு முடிவில் நிதி ரூ. 8,66,937 ஆக நிற்கும். பத்தாம் ஆண்டில் அதற்கு வட்டி மட்டும் ரூ. 60,686. கடைசித் தவணையையும் சேர்த்தால் பத்து லட்சம் முழுமையாகிறது. அந்தக் கடைசித் தவணையை டெபாசிட் போட வேண்டியதில்லை. ரொக்கமாகவே கடைக்காரருக்குப் போய்விடும்.

பத்து ஆண்டில் ஆஸ்பத்திரியின் கையிலிருந்து போனது ஏறக்குறைய ரூ. 7,23,800. மீதி ரூ. 2,76,200 வட்டி. காணிக்கை கொடுத்தவர்களின் ஒவ்வொரு நூறு ரூபாயும் நூற்று முப்பத்தெட்டு ரூபாயாக வேலை செய்திருக்கிறது.

1990களின் நடுவில் பாங்கிகள் 12, 13 சதவீதம் வட்டி கொடுத்தது பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். 12 சதவீதத்தில் இதே கணக்கைப் போட்டால் ஆண்டுத் தவணை ரூ. 56,984 மட்டுமே. அந்த வட்டி கொடுத்த நாட்களில் விலைவாசியும் அப்படியே ஏறிற்று என்பதையும் அவர்களே சொல்லுவார்கள்.

டெபாசிட்டை எங்கே போடுவது என்பதில் நமக்கு இரண்டாவது யோசனை கிடையாது. அட்டவணை வங்கியில், நிதியின் பெயரில், இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டில். முதல் தவணையை ஒன்பது ஆண்டுக்கும், அடுத்ததை எட்டு ஆண்டுக்கும் என்று போட்டு வந்தால் எல்லாம் ஒரே காலத்தில் முதிரும். நடுவில் உடைத்தால் வட்டி குறையும் என்பதால் அவசரக் கைகளுக்கு அது ஒரு தடையாகவும் இருக்கும். ஒரு பாங்கியில் ஒரு டெபாசிட்தாரருக்கு ஐந்து லட்சம் வரைதான் காப்பீடு உண்டு என்பதால், நிதி பெரிதாகும்போது இரண்டு பாங்கிகளில் பிரித்து வைப்பது நல்லது. கூடுதல் வட்டி தருகிறோம் என்று அழைக்கும் தனியார் நிதி நிறுவனங்களின் பக்கம் போகவே கூடாது. 2017இல் நம் எல்லையோரத்தில் அப்படி ஒரு நிறுவனம் மூடப்பட்டபோது எத்தனை குடும்பங்கள் கண்ணீர் விட்டன என்பது இரண்டு மாநிலத்து மக்களுக்கும் தெரியும்.

சட்டமும் ஒன்று சொல்லுகிறது. தர்ம ஸ்தாபனங்கள் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைத் தங்கள் நோக்கத்துக்குச் செலவிட வேண்டும், 15 சதவீதம் வரை சேர்த்து வைக்கலாம். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் நோக்கத்தை எழுதிக் கொடுத்து, ஐந்து ஆண்டுக்குள் அதற்கே செலவிட வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம். ஆகையால் பத்தாண்டு நிதியின் தவணையை அந்த 15 சதவீதத்துக்குள் அடக்கிக்கொள்வதே சுலபம். ஓரளவு வருமானமுள்ள ஆஸ்பத்திரிக்கு இது கஷ்டமல்ல. ஆடிட்டரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

கணக்கு எங்கே தவறும்?

மேலே சொன்னதெல்லாம் பத்து ஆண்டு கழித்தும் ஜெனரேட்டர் பத்து லட்சத்துக்கே கிடைக்கும் என்று வைத்துக்கொண்ட கணக்கு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கடைக்காரர் பள்ளிப் புத்தகம் படிப்பதில்லை.

விலை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் இன்று பத்து லட்சமாயிருப்பது பத்து ஆண்டில் ஏறக்குறைய ரூ. 16,29,000 ஆகும். நம்மிடம் இருக்கும் பத்து லட்சத்துக்கு அப்போது மூன்றில் இரண்டு பங்கு ஜெனரேட்டர்கூடக் கிடைக்காது. புது விலைக்கே குறி வைத்துச் சேர்ப்பதானால் தவணை ரூ. 1,17,900 வரை வரும். வட்டியினால் மிச்சம் என்று சந்தோஷப்பட்டதையெல்லாம் விலையேற்றம் விழுங்கி, அதற்கு மேலும் கேட்கிறது.

விலை ஏறுவது மெதுவாகத்தான் என்றும் சொல்ல முடியாது. புகை மாசைக் குறைப்பதற்காக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த புதிய விதிகள் ஜெனரேட்டர்களுக்கு 2023 ஜூலை முதல் அமலுக்கு வந்தன. புது இயந்திரத்தில் கூடுதல் கருவிகள் வைக்க வேண்டியிருந்ததால் விலை ஒரேயடியாக உயர்ந்தது. விதி நல்ல விதிதான். ஜெனரேட்டர் புகை நேராக வார்டு ஜன்னலுக்குள் வருவதை நாம் விரும்புவதில்லை. ஆனால் பழைய விலையை வைத்து நிதி சேர்த்தவர்களுக்குக் கடைசி நேரத்தில் கை சுட்டது.

ஆகவே நிதி தொடங்கும்போது ஒருமுறை தவணையை நிர்ணயித்துவிட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அன்றைய விலைப்பட்டியல் ஒன்று வாங்கி, குறித்த தொகையைத் திருத்தி, மீதமுள்ள ஆண்டுகளுக்குத் தவணையைக் கூட்ட வேண்டும். ஐந்தாம் ஆண்டில் கூட்டினால் பாரம் ஐந்து ஆண்டில் பகிரப்படும். ஒன்பதாம் ஆண்டில் தெரியவந்தால் முழுப் பாரமும் ஒரே ஆண்டின் தலையில் விழும்.

வட்டி குறைந்தால் என்ன ஆகும் என்று பலர் பயப்படுகிறார்கள். 2021இல் பெரிய அரசு வங்கியிலேயே நீண்டகால டெபாசிட்டுக்கு ஐந்தரை சதவீதம்கூட இல்லாதிருந்தது. பத்து ஆண்டும் 5.5 சதவீதமே கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும், அதே ரூ. 72,378 தவணை ஏறக்குறைய ரூ. 9,31,900 ஆகிவிடும். குறைவது ரூ. 68,000 மட்டுமே. விலையேற்றத்தால் வரும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளத்தோடு ஒப்பிட்டால் இது சிறிது. அரை சதவீத வட்டிக்காகப் பாங்கி பாங்கியாக ஏறி இறங்குவதைவிட, கடையில் விலை கேட்டு வருவதே அதிகப் பிரயோஜனம்.

பத்து ஆண்டு என்பதும் ஒரு மதிப்பீடே. ஜெனரேட்டர் வருடத்தால் தேய்வதைவிட ஓடின மணியால் தேய்கிறது. அதன் பலகையில் மணி காட்டும் மீட்டர் இருக்கும். எஞ்சின் ஆயிலை அதிகமாகக் குடிப்பது, நீலப் புகை, காலையில் பிடிக்கத் தாமதிப்பது, எக்ஸ்ரே இயந்திரம் போட்டவுடன் திணறுவது ஆகியவை முடிவு நெருங்குவதற்கு அடையாளங்கள். நன்றாகப் பராமரித்து அது பன்னிரண்டு ஆண்டு ஓடினால் நஷ்டமில்லை. பத்து லட்சம் ஒரு ஆண்டு காத்திருந்தால் 7 சதவீதத்தில் எழுபதாயிரம் ரூபாய் தானாகச் சேரும். ஏழாம் ஆண்டிலேயே படுத்துவிட்டால்தான் கஷ்டம். அப்போது நிதியில் இருப்பது ஆறேகால் லட்சம் ரூபாய்ச் சொச்சமே. மீதிக்குச் சபைகளின் உதவியைத்தான் நாட வேண்டும். என்றாலும் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட கையில் வைத்துக்கொண்டு கேட்பது வேறு, வெறுங்கையோடு கேட்பது வேறு.

யோவாஸ் ராஜாவின் பெட்டி

இவை எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து நம் கையே. சம்பளத்துக்கு நெருக்கடி வரும் மாதத்தில் அந்த டெபாசிட் கண்ணில் படும். கைமாற்றாக எடுத்துப் பிறகு போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆறாம் ஆண்டு முடிவில், நிதியில் ரூ. 5,17,740 இருக்கும்போது, இரண்டு லட்சம் எடுத்துத் திருப்பிப் போடாமல் விட்டால், பத்தாம் ஆண்டில் குறைவது இரண்டு லட்சமல்ல, ரூ. 2,62,159. நாலு ஆண்டு வட்டியும் அதோடு போய்விட்டதே காரணம்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 1924இல் இந்திய ரயில்வேயின் கணக்கை அரசின் பொதுக் கணக்கிலிருந்து பிரித்தபோது, தேயும் தண்டவாளங்களையும் எஞ்சின்களையும் மாற்றத் தேய்மான நிதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். 1930களின் மந்த காலத்தில் வருமானம் விழுந்ததும் வேறு கடமைகளைத் தீர்க்க அந்நிதியிலிருந்தே கடன் எடுத்தார்கள். சுதந்தரத்துக்குப் பின்னும் நெருக்கடி ஆண்டுகளில் அதற்கு ஒதுக்கும் தொகை சுருங்கியது. கடைசியில், மாற்றாமல் நிலுவையில் நின்ற தண்டவாளம், சிக்னல் முதலிய பாதுகாப்பு வேலைகளுக்காக, ஐந்து ஆண்டில் ஒரு லட்சம் கோடி ரூபாய் என்று 2017இல் தனியாக இன்னொரு நிதியைத் தொடங்க வேண்டியதாயிற்று.

வேத புத்தகம் வாசிக்கிறவர்களுக்கு 2 இராஜாக்கள் 12ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். ஆலயத்தைப் பழுதுபார்க்கும்படி யோவாஸ் ராஜா ஆசாரியர்களிடம் சொல்லியிருந்தான். அவர்களிடம் வந்த பணத்திலிருந்து அதைச் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. யோவாஸின் இருபத்துமூன்றாம் வருஷம் மட்டும் ஒன்றும் பழுதுபார்க்கப்படவில்லை. பணம் களவு போனதாக அங்கே சொல்லப்படவில்லை. கையில் வந்த பணம் மற்றத் தேவைகளோடு கலந்து கரைந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது. அதன்பின் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தண்டையில் வைத்தான். பெட்டி நிறைந்தபோது ராஜாவின் கணக்கனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணி, வேலை செய்விக்கிறவர்களிடம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் வெள்ளிப் பாத்திரங்கள்கூடச் செய்யப்படவில்லை. தனிப் பெட்டி, எண்ணுவதற்கு இரண்டு பேர், ஒரே நோக்கம். அங்கே வட்டி ஒன்றுதான் இல்லை.

நம் டெபாசிட்டைப் பற்றிக் கேட்கும் ஆதரவாளர்களுக்கு இதையே பதிலாகச் சொல்லுகிறோம். இந்த ஆண்டு ஆபரேஷன் செய்துகொண்ட நோயாளி இந்த ஆண்டின் ஜெனரேட்டரைப் பயன்படுத்தியிருக்கிறார். அந்தத் தேய்மானத்தை இந்த ஆண்டின் கணக்கே சுமக்க வேண்டும். அதைச் சுமக்காமல் இலவச சிகிச்சையை இன்னும் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம்தான். அதற்கான பில் பத்து ஆண்டு கழித்து ஒரு மழை இரவில், அப்போது வார்டில் இருக்கும் இன்னொரு ஏழையின் கையில் கொடுக்கப்படும்.

எங்கள் கணக்கை மட்டுமல்ல, நீங்கள் ஆதரிக்கும் எந்த ஸ்தாபனத்தின் கணக்கையும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆடிட்டர் கையெழுத்திட்ட இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கத்தில் "தேய்மான நிதி" என்று ஒரு தொகை இருக்கும். சொத்துகள் பக்கத்தில் "தேய்மான நிதி முதலீடு" என்று இன்னொரு தொகை இருக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தால் பணம் இருக்கிறது. சேர்ந்தும் இன்னும் கைக்கு வராத வட்டியால் சிறு வித்தியாசம் இருக்கலாம். நிதி ஆறு லட்சம், முதலீடு மூன்று லட்சம் என்றிருந்தால் பாதி வேறு எங்கோ போயிருக்கிறது என்று பொருள். முதலீடு என்ற வரியே இல்லையென்றால் அந்த நிதி ஏட்டில் மட்டும் இருக்கிறது. அப்படிக் கண்டால் பொருளாளரிடம் தயங்காமல் கேளுங்கள். எங்களிடமும் கேளுங்கள்.